ரயில் கணக்கில் யாருடைய நீளத்தைக் கூட்டுவது?

தஞ்சாவூர் – கும்பகோணம் ஒற்றைப் பாதையில் பாசஞ்சரில் போனவர்களுக்கு கிராசிங் தெரியும். நம் வண்டி பாபநாசத்தில் நிற்கும், எதிர் வண்டி பக்கத்துப் பாதையில் கடந்து போகும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ரயில் கணக்கை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அவர்கள் பெரும்பாலும் தவறுவது சூத்திரத்தில் அல்ல. எந்த நீளத்தைக் கூட்டுவது, எதை விடுவது என்பதில்தான்.

225 மீட்டர் ரயில் ஒன்று மணிக்கு 54 கிலோமீட்டரில் வருகிறது. முதலில் 5/18 ஆல் பெருக்கி வினாடிக்கு 15 மீட்டர் என்று மாற்றிவிடுங்கள். நீளம் மீட்டரிலும் வேகம் கிலோமீட்டரிலும் இருக்கும்போது வகுத்தால் விடைக்கு அர்த்தமே இருக்காது.

இந்த ரயில் 375 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 375-ஐ 15 ஆல் வகுத்து 25 வினாடி என்று பலர் எழுதுகிறார்கள். அந்த 25 வினாடியில் இன்ஜினின் முனைதான் பிளாட்பாரத்தின் மறுகோடியை எட்டியிருக்கும். கடைசிப் பெட்டியும் வெளியேற இன்னும் 225 மீட்டர் போக வேண்டும், அதற்கு 15 வினாடி. ஆக 40 வினாடி. ஜன்னலோரம் இருப்பவருக்கோ பிளாட்பாரம் 25 வினாடியில் கடந்துபோகும். பிளாட்பாரத்தில் ஓரிடத்தில் நிற்பவரை ரயில் 15 வினாடியில் கடக்கும். ஓர் ஆளுக்கு நீளம் கிடையாது, அதனால் எதிரில் போகும் பொருளின் நீளம் மட்டுமே கணக்கு.

இப்போது பிளாட்பாரத்துக்குப் பதில் 375 மீட்டர் ரயில் ஒன்று கிராசிங்குக்காக நிற்கட்டும். விடை மாறாது, அதே 40 வினாடி. நிற்கும் ரயிலும் பிளாட்பாரமும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான்.

சரி, இரட்டைப் பாதையில் அந்த ரயிலும் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் எதிரே வந்தால்? ஒரு வினாடியில் இரண்டும் சேர்ந்து 25 மீட்டர் நெருங்குகின்றன. மொத்த நீளம் 600 மீட்டர், 24 வினாடி. "முதல் ரயிலின் பயணி இரண்டாம் ரயிலை எத்தனை வினாடி பார்ப்பார்?" என்று கேட்டால் 375 மட்டும் எடுத்து 15 வினாடி. இரண்டாம் ரயிலின் பயணிக்கு 225 மட்டும், 9 வினாடி. 15-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 24. உங்கள் விடையை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரே திசை என்றால் இன்னொரு தவறு வரும். வேகத்தைக் கழிப்பவர்கள் நீளத்தையும் கழித்து, 150-ஐ 5 ஆல் வகுத்து 30 வினாடி என்கிறார்கள். வேகமான வண்டியின் முனை மெதுவான வண்டியின் கடைசிப் பெட்டியை எட்டிய நொடியிலிருந்து பாருங்கள். 375 மீட்டர் முழுவதையும் தாண்டி, அப்புறம் தன் 225 மீட்டரையும் வெளியே இழுக்க வேண்டும். இங்கேயும் 600 மீட்டர்தான். வேகம் மட்டும் 15-லிருந்து 10 போய் வினாடிக்கு 5 மீட்டர், ஆகவே 120 வினாடி.