லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ.: ஒரு லிட்டருக்கு நிஜமாக என்ன செலவு?

"லாரித் தண்ணி லிட்டர் பதினஞ்சு காசு, கேன் ரெண்டு ரூபாய். இதுல என்ன கணக்கு வேண்டிக் கிடக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரித் தண்ணீரை அவர் அப்படியே குடிப்பதில்லை. அது சம்ப்பில் இறங்கி, மாடித் தொட்டிக்கு ஏறி, அடுப்படியில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினுக்குள் போன பிறகுதான் அவர் டம்ளருக்கு வருகிறது. அதனால் லாரியைக் கேனோடு நேராக ஒப்பிட முடியாது. லாரி விலை, ஆர்.ஓ. கணக்குக்குள் போய் உட்கார வேண்டிய ஒரு செலவு.

இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று எங்கள் வீட்டு எண்களை வைத்தே காட்டுகிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை அதேதான். ஒரு நோட்டு, ஒரு நீளக் கம்பு, ஒரு வாளி, எடை பார்க்கும் மெஷின் இருந்தால் போதும்.

படி 1: குடிக்கவும் சமைக்கவும் எவ்வளவு ஆகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். கடைசியில் எல்லாமே இந்த ஒரு எண்ணில்தான் வந்து நிற்கும். ஒரு வாரத்துக்குக் குடிதண்ணீர், சமையல் தண்ணீர் எல்லாவற்றையும் கேனிலிருந்து மட்டும் எடுங்கள். அரிசி களையவும் காய் கழுவவும் குழாய்த் தண்ணீர் போதும், அது இதில் சேராது. எங்கள் வீட்டில் நாலு பேர். ஏழு நாளில் ஐந்தரை கேன் ஆனது. கணக்குப் பார்த்தால் நாளைக்குச் சுமார் 15 லிட்டர், மாதத்துக்கு 450.

படி 2: லாரி நிஜமாக எவ்வளவு இறக்கியது?

எங்களுக்கு வருவது 12,000 லிட்டர் லாரி, விலை 1,800 ரூபாய். 1,800-ஐ 12,000-ஆல் வகுத்தால் பதினைந்து காசு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இதைத்தான். ஆனால் 12,000 என்பது டேங்கரின் முதுகில் எழுதியிருப்பது. சம்ப்பில் இறங்கியது எவ்வளவு என்பதை நாம்தான் அளக்க வேண்டும்.

சம்ப்பின் உள்நீளத்தையும் உள்அகலத்தையும் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 6 சதுர மீட்டர். அப்படியானால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 60 லிட்டர். லாரி வருவதற்கு முன் கம்பை அடிவரை விட்டு, நனைந்த உயரத்தைக் குறித்துக்கொண்டேன்: 22 செ.மீ. லாரி இறக்கி முடித்ததும் மறுபடி விட்டேன்: 197 செ.மீ. ஏறியது 175 செ.மீ. அதை 60-ஆல் பெருக்கினால் 10,500 லிட்டர்.

ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் குறைகிறதே என்று உடனே ஓட்டுநரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முதல் தடவை நானே ஒரு தப்புச் செய்தேன். லாரி இறக்கும்போதே மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஏறிய தண்ணீர் மாடிக்குப் போய்விட்டது. அளக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்துங்கள். சம்ப்பில் வேறு குழாய் விழுந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். இரண்டாம் தடவை அப்படி எல்லாவற்றையும் நிறுத்தி அளந்ததுதான் இந்த 10,500.

கூட வருபவருக்குக் கொடுக்கும் 50 ரூபாயையும் சேர்த்தால் 1,850. அதை 10,500-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 17.6 காசு. மாடிக்கு ஏற்றும் மின்சாரம் லிட்டருக்கு ஒரு காசு கூட வராது, விட்டுவிடலாம்.

படி 3: கேன்

கேன் கணக்கு சுலபம். 20 லிட்டர் கேன் 40 ரூபாய், மாடி ஏற்ற 5 ரூபாய், ஆக 45. டெபாசிட் பணம் திரும்பி வரும் என்பதால் அதைச் செலவில் சேர்க்க வேண்டாம். கேன் உடைந்து டெபாசிட் போனால் அந்த மாதக் கணக்கில் எழுதுங்கள்.

நிரம்பிய கேனை எடை மெஷினில் வையுங்கள், காலியானதும் மறுபடி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே லிட்டர் கணக்கு. எங்களுக்கு 19.9 கிலோ, 0.7 கிலோ, ஆக 19.2 லிட்டர். வாய்ப்பக்கத்தை அலச ஊற்றுவது போக 19 என்று வைத்தேன். 45-ஐ 19-ஆல் வகுத்தால் லிட்டர் 2 ரூபாய் 37 காசு.

கேன் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத கேன் பத்து ரூபாய் மலிவாகக் கிடைக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு பொருள்.

படி 4: ஆர்.ஓ. மெஷின்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். "மெஷின் வாங்கியாச்சு, இனிமே தண்ணி சும்மாதானே" என்று தோன்றும். ஆர்.ஓ.வில் இரண்டு விதமான செலவு இருக்கிறது. நீங்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மாதாமாதம் ஓடுவது ஒன்று, லிட்டர் லிட்டராக ஏறுவது இன்னொன்று.

முதலில் மாதச் செலவு. மெஷின் 15,000 ரூபாய், ஏழு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 179. செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் மாற்றி சர்வீஸ் செய்ய வருஷத்துக்கு 3,000, மாதம் 250. உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் 2,400, எங்களுக்கு இரண்டு வருஷம் வருகிறது, மாதம் 100. மொத்தம் 529 ரூபாய். நீங்கள் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் இது ஓடும்.

அடுத்து லிட்டர் செலவு. ஆர்.ஓ. உள்ளே வாங்கும் தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் நமக்குத் தருகிறது. மீதியை உப்போடு சேர்த்து, சிங்க்கில் தொங்கும் மெல்லிய குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அந்த ரிஜெக்ட் தண்ணீருக்கும் லாரிக்காரர் காசு வாங்கிவிட்டார். எவ்வளவு போகிறது என்பதை அளக்க ஒரு வழி: மெஷினின் தொட்டி நிரம்பித் தானாக நின்றபின் சுவிட்சை அணைத்துவிட்டு, அளந்து 6 லிட்டர் பிடியுங்கள். அப்புறம் ரிஜெக்ட் குழாயை ஒரு வாளியில் விட்டு, சுவிட்சைப் போடுங்கள். மறுபடி தானாக நிற்கும்போது மெஷின் அதே 6 லிட்டரைத் தயாரித்திருக்கும். வாளியில் இருப்பது அதற்கான ரிஜெக்ட். எங்கள் வாளியில் 15 லிட்டர் இருந்தது. ஆக ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டரை லிட்டர் வெளியே போகிறது, மூன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும்.

```
உள்ளே போகும் தண்ணீர்: 3.5 × 17.6 காசு = 62 காசு
மின்சாரம்: சுமார் 3 காசு
மாதச் செலவு: 529 ÷ 450 = 1 ரூ. 18 காசு
மொத்தம்: 1 ரூ. 83 காசு
```

கேனை விட 54 காசு குறைவு. ரிஜெக்ட் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கோ தரை துடைக்கவோ ஊற்றினால், அந்த வேலைக்கு ஆகியிருக்கும் லாரித் தண்ணீர் மிச்சம். 44 காசு திரும்பி வருகிறது, லிட்டர் 1 ரூபாய் 39 காசு ஆகிறது. செடிக்கு மட்டும் தினமும் ஊற்ற வேண்டாம். உப்பு கூடிய தண்ணீர் அது, தொட்டிச் செடி சீக்கிரம் வாடிவிடும்.

படி 5: எத்தனை லிட்டருக்கு மேல் ஆர்.ஓ. லாபம்?

529 ரூபாயை எத்தனை லிட்டர் பகிர்ந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. கேன் விலையிலிருந்து ஆர்.ஓ.வின் லிட்டர் செலவான 65 காசை, அதாவது உள்ளே போகும் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்ததைக் கழித்து, வந்த விடையால் மாதச் செலவை வகுக்க வேண்டும்.

```
529 ÷ (2.37 − 0.65) = மாதம் சுமார் 308 லிட்டர்
```

நாளைக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கீழே குடிப்பவர்களுக்குக் கேன்தான் மலிவு. என் மாமியார் வீட்டில் இரண்டே பேர், நாளைக்கு ஆறு லிட்டர் ஆகிறது. இதே மெஷினை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 180 லிட்டருக்கு 529 ரூபாய், லிட்டருக்கு 2.94. கூட 65 காசு சேர்த்தால் 3 ரூபாய் 59 காசு. பண்டிகைத் தள்ளுபடியில் மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். இந்த வரியை எழுதிப் பார்த்தபின் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

கணக்கு எங்கே உடையும்?

தண்ணீரின் உப்பில் உடையும். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை லாரித் தண்ணீரில் ஒரு தடவை முக்கிப் பாருங்கள். இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை போதும் என்கிறது. வேறு ஆதாரமே இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் 500-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆர்.ஓ. தேவைப்படாது. கிருமிக்கு யு.வி. மெஷின் போதும், அதில் ரிஜெக்ட்டும் கிடையாது. ஆனால் மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும்தான். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

உப்பு மிக அதிகமானால் வேறு மாதிரி உடையும். கோடையில் லாரிக்காரர் வேறு கிணற்றுக்கு மாறினார், தண்ணீர் கரித்தது. அந்த வருஷம் எங்கள் மெம்பிரேன் பன்னிரண்டு மாதத்தில் போய்விட்டது. ரிஜெக்ட்டும் ஒன்றுக்கு நாலு ஆனது. மாதச் செலவு 629, உள்ளே போகும் தண்ணீர் 88 காசு, மின்சாரம் 3 காசு. கூட்டினால் லிட்டர் 2 ரூபாய் 31 காசு. கேனுக்கும் இதற்கும் ஆறு காசுதான் வித்தியாசம்.

மெம்பிரேன் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே பார்க்க முடியும். மாதம் ஒரு தடவை உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். உள்ளே 900, வெளியே 60 என்று இருந்தது மூன்று மாதத்தில் 150, 200 என்று ஏறினால் மெம்பிரேன் தேய்கிறது என்று அர்த்தம். டி.டி.எஸ். கன்ட்ரோலர் உள்ள மெஷினில் உப்புப் பிரிக்காத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துதான் விடுவார்கள், அதனால் எண் எடுத்த எடுப்பிலேயே கூடுதலாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது ஏற்றத்தை. சர்வீஸ் ஆள் வந்து "மெம்பிரேன் போச்சு சார், மாத்திடலாமா?" என்று கேட்கும்போது அந்த நோட்டை எடுத்து முன்னால் வையுங்கள்.