கடலோர மணல் மனையில் கழிப்பறை: செப்டிக் டேங்க்கையும் உறிஞ்சுகுழியையும் எந்த மட்டத்தில் வைப்பது?

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே அக்காவுக்கு 5 சென்ட் மனை. பாதாளச் சாக்கடை கிடையாது. வீடு முடிந்து கழிப்பறை மட்டும் பாக்கி இருந்தபோது, வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணன் சொன்னது இது: "மணல்தானே தம்பி. பத்து உறை இறக்கி பைப்பை விட்டுருவோம். ஜென்மத்துக்கும் ரொம்பாது."

ரொம்பாது என்பது உண்மைதான். ஆனால் அதே மனையில் குடிக்க எடுக்கும் கிணற்றிலும் உறைதான் இறக்கியிருக்கிறது. ஓர் உறை 1 அடி உயரம். மழைக்காலத்தில் 7 அடியில் தண்ணீர் நிற்கிற இடத்தில் 10 உறை இறக்கினால், மலக்குழியின் கடைசி 3 உறை நிலத்தடி நீரில் நிற்கும். குழியில் விழுவது அப்படியே ஊற்றோடு கலக்கும். நம் பக்கத்து மணலில் தண்ணீர் சட்டென்று இறங்குவதைப் பார்த்து நல்ல மண் என்று நினைக்கிறோம். இறங்குவது வேறு, சுத்தமாவது வேறு. ஈரம் நிரம்பாத மணலில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். கழிவுநீர் அந்தத் துகள்களை ஒட்டி மெல்லிய படலமாக ஊர்ந்து இறங்கும்போதுதான் கிருமிகள் மணலில் ஒட்டிச் சாகின்றன. தண்ணீர் நிறைந்த மணலில் அது நடக்காது. கிருமிகள் நீரோட்டத்தோடு பக்கவாட்டில் போய்விடும்.

அதனால் உறிஞ்சுகுழியின் அடிக்கும், மழைக்கால நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர், அதாவது ஆறரை அடி காய்ந்த மணல் வேண்டும். இந்த ஒரு கணக்கை முதலில் முடித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து கழிப்பறைத் தரையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் தரையை முதலில் போட்டுவிட்டு, பைப் எங்கே போய் முடிகிறதோ அங்கே குழி தோண்டுகிறார்கள்.

முதலில் கிணற்றைப் பாருங்கள்

சித்திரையில் கிணற்றை எட்டிப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிற்கும் மட்டம்தான் வேண்டும். கோடையில் வேலை செய்தாலும் அதைக் கண்டுபிடிக்கலாம். டார்ச் அடித்து உறையின் உள்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் நின்று இறங்கிய இடத்தில் பாசி காய்ந்து கறுப்பாக ஒரு வளையம் தெரியும். அதற்கு மேலே சிமெண்ட் வெளுப்பாக இருக்கும். அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் 10 அடியில் கிடந்தது. கறுப்பு வளையம் தரையிலிருந்து 7 அடியில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியும் "கார்த்திகையில ஏழு உறை காஞ்சு கிடக்கும்" என்றார். இரண்டும் ஒத்துப்போனதால் 7 அடி என்று வைத்துக்கொண்டோம். கிணறு இல்லாத மனையில் மழை முடிந்த கையோடு ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்துக் குறித்து வைப்பதுதான் வழி.

இடம்

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணற்றையும் அளந்து பாருங்கள். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கி நகரும் என்பதால் கிணறு மேற்கே, குழி கிழக்கே என்று வைத்தோம். மன்னார் வளைகுடா பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் தெற்கே, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கரைக்கு மிக அருகில் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பொருந்துமா என்று ஊராட்சியில் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.

மட்டக் கணக்கு

வீட்டுச் சுவரில் தரைமட்டத்தை ஒட்டிக் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டு அதைச் சுழியம் என்று வைத்தோம். டியூப் மட்டம் வைத்து அந்தக் கோட்டை டேங்க் வரும் இடத்திலும், குழி வரும் இடத்திலும் முளை அடித்துக் குறித்தோம். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

மழைக்கால நீர் கோட்டுக்கு 7 அடி கீழே. ஆறரை அடி காய்ந்த மணல் வேண்டும் என்றால், உறிஞ்சும் இடத்தின் அடி கோட்டுக்கு 6 அங்குலம்தான் கீழே இருக்கலாம். ஆக, ஆழமான வட்டக் குழி நமக்கு ஆகாது. அகலமாக, ஆழமில்லாமல், பாத்தி மாதிரி அமைத்து மேலே மணல் மேடு போட வேண்டும்.

பாத்தியில் 1 அடி ஜல்லி நிரப்பினால் அதன் மட்டம் கோட்டுக்கு 6 அங்குலம் மேலே வரும். பைப்பின் அடி அங்கே உட்கார வேண்டும். டேங்க்கிலிருந்து பாத்திக்கு 10 அடி தூரம், 2 அங்குல வாட்டம். ஆகவே டேங்க்கின் வெளிவாய் 8 அங்குலத்தில். உள்வாய் அதைவிட 2 அங்குலம் உயரம், 10. கழிப்பறையிலிருந்து டேங்க்குக்கும் 10 அடி. 40 அடிக்கு 1 அடி வாட்டம் என்ற கணக்கில் 3 அங்குலம். பைப் தொடங்கும் இடம் 13 அங்குலம். நாங்கள் வாங்கிய இந்தியன் கோப்பையும் பீ ட்ராப்பும் சேர்ந்து தரையிலிருந்து பைப்பின் அடி வரை 18 அங்குலம் பிடித்தது. ஆக, கழிப்பறைத் தரை கோட்டுக்கு 31 அங்குலம் மேலே. ஐந்து படி.

"அஞ்சு படியா?" என்று அக்கா முகம் சுளித்தது. அம்மாவுக்கு முட்டுவலி. படியைத் தாழ்வாக, அகலமாகப் போட்டு, பக்கத்தில் கைப்பிடிக் குழாய் வைத்துக் கொடுத்தோம். படிக்காகத் தரையை இறக்கியிருந்தால் அத்தனை அங்குலமும் காய்ந்த மணலிலிருந்துதான் போயிருக்கும். கோப்பையை வாங்கி, அளந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். மாடலுக்கு மாடல் உயரம் மாறும்.

டேங்க்

ஐந்து பேருக்கு உள்ளளவு 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றரை அடி. கிட்டத்தட்ட 1,480 லிட்டர் கொள்ளும். தண்ணீர் வெளிவாய் மட்டத்தில், அதாவது 8 அங்குலத்தில் நிற்கும். அங்கிருந்து மூன்றரை அடி இறங்கி, அடியில் 6 அங்குலக் கான்கிரீட்டையும் சேர்த்தால் தோண்ட வேண்டியது 40 அங்குலம்தான். தண்ணீருக்கு மேலே 1 அடி காலி இடம் விட்டு மூடி.

அடித்தளக் கான்கிரீட்டை விட்டுவிடாதீர்கள். அடி திறந்த டேங்க், உறை இறக்கிய மலக்குழியேதான். முதல் அறை 4 அடி, இரண்டாவது 2 அடி வருமாறு நடுவே சுவர் வைத்து, அதில் தண்ணீர் ஆழத்தின் பாதியில் துவாரம் விடுங்கள். மேலே மிதக்கும் ஆடையும் கீழே படியும் சகதியும் முதல் அறையிலேயே தங்கிவிடும். உள்வாய், வெளிவாய் இரண்டிலும் டீ மாட்டி, கீழ்க்கால் தண்ணீருக்குள் 1 அடி மூழ்கும்படி வைக்க வேண்டும். வெளிவாயில் டீ இல்லாவிட்டால் ஆடை நேராகப் பாத்திக்குப் போய் ஜல்லியை அடைத்துவிடும்.

கலவைக்குக் கடல் மணலும் வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். மூடி ஸ்லாபில் கம்பிக்குக் கீழே ஒன்றரை அங்குலம் கான்கிரீட் இருக்கட்டும். உப்புக் காற்றும் டேங்க் வாயுவும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்துவிடும்.

பூச்சு இறுகியதும் டேங்க்கில் வெளிவாய் வரை தண்ணீர் நிரப்பிக் கரியால் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தண்ணீர் கோட்டை விட்டு ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் கசிவு. இடத்தைத் தேடித் திரும்பப் பூச வேண்டும். சோதித்த தண்ணீரை இறைக்காதீர்கள். நீர்மட்டம் உயரமான இடங்களில் மழைக்காலத்தில் காலி டேங்க் படகு மாதிரி மிதக்கும். எங்கள் சித்தப்பா வீட்டில் ஐப்பசியில் இறக்கிய பிளாஸ்டிக் டேங்க், ஒரே ராத்திரி மழையில் பைப்பைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது.

உறிஞ்சும் பாத்தி

இந்த டேங்க்குக்குக் கழிப்பறைத் தண்ணீர் மட்டும்தான். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள். ஐந்து பேருக்கு ஆளுக்கு 30 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 150 லிட்டர். பாத்தி 8 அடிக்கு 4 அடி, 32 சதுர அடி. சதுர அடிக்கு 5 லிட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். மணல் இதைவிட நிறையக் குடிக்கும், ஆனால் மெதுவாக இறங்கினால்தான் சுத்தமாகும்.

தோண்டும்போது சிப்பியும் கல்லுமாக வந்தால் அங்கே 2 அடி தோண்டி எடுத்துவிட்டுப் பொடி மணல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் மேல் 1 அடி உடைகல் ஜல்லி. பவளக்கல்லை எடுத்துப் போட வேண்டாம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. 4 அங்குல பி.வி.சி. பைப்பின் அடிப்பக்கம் அரை அங்குலத் துளைகளை அரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, நுனியை மூடி, ஜல்லி மேல் மட்டமாகக் கிடத்துங்கள். பைப் மறைய ஜல்லி, அதன் மேல் பனை ஓலை, அதன் மேல் 1 அடி மணல் மேடு. மேட்டின் சரிவு நாலு பக்கமும் 4 அடி நீளட்டும். அதில் புல் வளரலாம், மரம் வேண்டாம், வண்டியும் ஏறக்கூடாது.

பைப்பை இணைப்பது

நேர்கோட்டில் போடுங்கள். திருப்பம் தவிர்க்க முடியாவிட்டால் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி, அந்த இடத்தில் ஒரு சேம்பர். டேங்க்கின் காற்றுக் குழாய் 2 அங்குலம், கூரைக்கு மேலே போகட்டும். அதன் வாயில் கொசுவலை கட்டாயம். வலை இல்லாவிட்டால் டேங்க்கில் கொசு பெருகி அந்தக் குழாய் வழியாகவே வெளியே வரும். மண் மூடுவதற்கு முன் கோப்பையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் மட்டும் கோப்பையில் தண்ணீர் தயங்கி, குளுகுளுவென்று சத்தம் வந்தால் நீர்மட்டம் பாத்தியைத் தொடுகிறது என்று பொருள். வருஷம் முழுக்கத் தயங்கினால் பைப்பில் அடைப்பு, அல்லது டேங்க்கில் சகதி ஏறிவிட்டது. நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி டேங்க்கின் அடி வரை விட்டு எடுங்கள். கறுப்பாக ஒட்டிய உயரம்தான் சகதி. தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளைக் கொல்லும். இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட.

கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில், கழிப்பறை பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவையும், முதல் கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவையும் கோலிஃபார்ம் சோதனைக்குக் கொடுங்கள்.

மழைக்கால நீர் 3 அடியிலேயே நிற்கும் தாழ்வான மனைகளுக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்து வராது. கழிப்பறையை ஆறேழு அடி தூக்க வேண்டியிருக்கும். அங்கே வெளிவாயே இல்லாமல் முழுக்க அடைத்த பெரிய தொட்டி கட்டி, நிரம்ப நிரம்ப லாரியில் எடுப்பதுதான் கிணற்றைக் காப்பாற்றும். காலியாகும் ஒவ்வொரு தடவையும் அது மிதக்கப் பார்க்கும் என்பதால் அடிக் கான்கிரீட்டைத் தடிமனாக, சுவருக்கு வெளியே 1 அடி நீட்டிப் போடுங்கள். நீட்டிய பகுதியின் மேல் உட்காரும் மண்ணும் சேர்ந்து தொட்டியைக் கீழே அழுத்திப் பிடிக்கும்.