போர்ட் போனதா, போர்டு போனதா?

கேபிள் செருகியபடியே கேம் கன்சோல் அலமாரியிலிருந்து விழுந்தது. அப்புறம் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, கன்ட்ரோலரும் இணைகிறது; டிவியில் மட்டும் 'சிக்னல் இல்லை'. வேறு கேபிள், வேறு டிவி, எதிலும் மாற்றமில்லை.

டார்ச் அடித்து ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் பார்த்தேன். உள்ளே இருக்கும் 19 பின்களில் இரண்டு வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இது ஒருவகையில் நல்ல செய்திதான். பின்கள் எல்லாம் நேராக இருந்தும் படம் வரவில்லை என்றால், போர்ட்டுக்குப் பின்னால் உள்ள ஹெச்டிஎம்ஐ சிப் மீது சந்தேகம் போகும். அந்த வேலைக்குச் செலவும் கூடும், உத்தரவாதமும் குறையும்.

வாரண்டி முடிந்திருந்ததால் பக்கத்துக் கடைக்குப் போனேன். போர்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்வார்களா, சரியாகாவிட்டால் கூலி உண்டா, போர்ட்டை எடுக்கும்போது போர்டில் பின்கள் பற்றவைக்கப்பட்ட செம்புப் பேட் பெயர்ந்தால் கம்பி இழுத்து ஒட்டத் தெரியுமா என்று கேட்டேன். போர்ட் மலிவான பாகம்தான், காசு கைவேலைக்கு. அதிகச் சூட்டில் பேட் பெயர்ந்துவிட்டால், அடுத்த கடைக்காரர் தொடவே யோசிப்பார்.

கேட்ட தொகை, அதே மாடல் பழைய கன்சோல் விலையில் கால்வாசி. பாதியைத் தாண்டியிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் கிளவுடில் ஏற்றாத கேம் சேவ்கள் உள்ளே இருந்தன. அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்திருப்பேன்! சரிசெய்ததைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே டிவியில் செருகி, கேபிளை லேசாக அசைத்தும் பார்த்தேன். படம் விட்டுப்போகாமல் வந்தது.