அழிக்க உட்காருமுன் அச்சின் அளவைப் பாருங்கள்

காலிமுகத்திடலில் மாலையில் எடுத்த குடும்பப் படம் அது. பதினொரு பேர், பின்னால் கடல், வலது ஓரத்தில் பாதி உடம்போடு ஓர் இறால் வடை வண்டி. எல்லோரும் கண்ணைத் திறந்திருக்கிறார்களா என்று பார்த்த அவசரத்தில் வண்டி என் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து அதை அழிக்க உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் போயிற்று. வண்டிக்குப் பின்னால் கடற்கரைக் கைப்பிடிக் கம்பிகள் இருந்தன. அழித்த இடத்தில் ஒன்று நெளிந்தது, ஒன்று அந்தரத்தில் நின்றது. வண்டி போன பிறகும் அதன் நிழல் மட்டும் புல்லில் கிடந்தது.

மறுநாள் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அம்மம்மா கேட்டிருந்தது 8×10 அங்குல அச்சு. கடைக்காரர் அந்த அளவுச் சட்டத்தைப் படத்தின் மேல் வைத்ததும், நான் பாடுபட்ட இடம் முழுவதும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

என் கேமராவின் படம் 6000×4000 பிக்சல், அதாவது மூன்றுக்கு இரண்டு. 8×10 அச்சு ஐந்துக்கு நான்கு. உயரத்தை அப்படியே வைத்தாலும் அகலத்தில் 1000 பிக்சல் வெட்டுப்பட்டே ஆகவேண்டும். வண்டி பிடித்திருந்தது 700 பிக்சல். அதை வலப்பக்கமும் மீதி 300ஐ இடப்பக்கமும் வெட்டினால் முடிந்தது வேலை. கூர்மை குறையுமோ என்ற பயமும் வேண்டாம்: பத்து அங்குலத்துக்கு 5000 பிக்சல் எஞ்சுகிறது, அங்குலத்துக்கு 300 இருந்தாலே நல்ல அச்சு வரும். 4×6, 8×12 அச்சுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவையும் மூன்றுக்கு இரண்டுதான்.

அளவை வைத்த பிறகும் பொருள் உள்ளே நின்றால், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் வானம், மணல் என்றால் அழிப்பது சில நொடி வேலை. கம்பி, தரைக்கல் வரிசை, அடிவானக் கோடு என்றால் வெட்டுவதே வேகம். படத்தின் ஓரத்தில் அழிக்கும் கருவிக்குப் பார்த்து நிரப்ப ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதனால்தான் கோடுகள் அங்கே நெளிகின்றன.

வெட்ட முடியாத இடமும் உண்டு. ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் முழங்கையை வண்டி தொட்டுக்கொண்டிருந்தால், வெட்டு அவர் கையையும் கொண்டுபோகும். அப்போது கைக்குச் சற்று வெளியே வரை வெட்டிவிட்டு, மிஞ்சும் சிறு துண்டை மட்டும் அழியுங்கள். முழு வண்டியையும் அழிப்பதில் கால்பங்கு நேரம்கூட ஆகாது.

‘பிறகு அழித்துக்கொள்ளலாம்’ என்று அங்கேயே சொல்லிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. இப்போது பொத்தானை அழுத்துமுன் முகங்களை விட்டு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்க்கிறேன். வண்டி தெரிந்தால் நான் ஓரடி நகர்கிறேன். பதினொரு பேரையும் நகரச் சொன்னால் அம்மம்மாவுக்குக் கோபம் வரும்.