தொண்டை அடைத்தவரைக் கட்டிப்பிடிக்காதீர்கள்

முதலுதவிப் பயிற்சியில் புதிதாக வருபவர்களைப் பார்க்கும்போது என் பழைய முகம்தான் தெரிகிறது. தொண்டை அடைத்தவரைப் பின்னால் நின்று வயிற்றில் தள்ளி அடைப்பை வெளியேற்றும்போது அவர்கள் செய்யும் தவறுகளை நானும் செய்தவன்தான். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நுரையீரல் காலி என்று நினைப்பது

"அவரால் மூச்சே விட முடியவில்லை, அமுக்கினால் என்ன வரும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வளர்ந்த ஒருவர் சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டு லிட்டருக்கு மேல் காற்று மிச்சமிருக்கும். மூச்சை இழுக்கும்போது அடைத்திருந்தால் இன்னும் அதிகம். அடைத்தவருக்கு இல்லாதது காற்றல்ல, இருமலுக்கு வேண்டிய விசை. ஆழமாக இழுத்தால்தான் பலமாக இரும முடியும், இழுக்க வழியில்லை. அந்த இருமலை வெளியிலிருந்து நாம் கொடுக்கிறோம்.

கட்டிப்பிடித்து இறுக்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பயிற்சிக்கென்று ஒரு சட்டை உண்டு. சரியாகத் தள்ளினால் அதிலிருந்து ஒரு பஞ்சு அடைப்பு தெறித்து விழும். முதல் நாள் நான் வியர்க்க வியர்க்க விலாவைச் சுற்றி இறுக்கினேன். அடைப்பு அசையவே இல்லை.

ஏன்? விலா எலும்புக்கூட்டைப் பக்கவாட்டில் இறுக்குவதால், நுரையீரலுக்கு அடியில் இருக்கும் தசையான உதரவிதானம் மேலே ஏறாது. தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்ளே, மேலே என்று ஒரே வெட்டாகத் தள்ளினால் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும். அடைப்பு முழுமையாக இருப்பதால் காற்றுக்குப் போக்கிடமில்லை, அழுத்தம் ஏறும்.

ஒரு கணக்கு. உள்ளே 2.4 லிட்டர் காற்று, தள்ளியதில் அதன் இடம் 100 மில்லி குறைந்தது என்று கொள்வோம். அழுத்தம் சுமார் 4 சதவீதம் கூடும்; அது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம். அமைதியான மூச்சில் இந்த வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். நெஞ்சுச் சுவர் வெளியே விரிந்து கொடுப்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும். மெதுவாக அமுக்கினால் இன்னும் குறையும். அதனால்தான் ஒவ்வொரு தள்ளலும் தனித்தனியாக, திடீரென்று, நடுவில் கையைத் தளர்த்தி.

பல வழிகாட்டுதல்களில் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் ஐந்து தள்ளல் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வார்கள்.

இருமுகிறவரைத் தள்ளுவது

வேண்டாம். பலமாக இருமுகிறார் என்றால் அவருக்குள் காற்று போய்வருகிறது; இருமவே விடுங்கள். சத்தமில்லாமல், பேச முடியாமல், தொண்டையைப் பிடித்துக்கொண்டால்தான் நம் வேலை.

ஒரு வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி

வயிற்றில் தள்ளக் கூடாது. குழந்தைக்கு முதுகில் தட்டி, நெஞ்சில் அழுத்த வேண்டும், கர்ப்பிணிக்கும் நெஞ்சில்தான்.

அடைப்பு வெளியே வந்ததும் வீட்டுக்கு அனுப்புவது

வயிற்றில் தள்ளியிருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். கல்லீரல், மண்ணீரல் அடிபட்டிருக்கலாம். அடைப்பு வெளியே வராமலே மயங்கிவிட்டால் தள்ளுவதை நிறுத்தி ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, நெஞ்சமுக்கத்தைத் தொடங்குங்கள்.