புது போர்டு கடையில் எப்படி இருக்கும்?

பெங்களூரு அல்சூரில் கடை வைத்திருக்கும் நண்பர், போர்டு அடிக்கும் முன் அதைப் படத்தில் பார்க்க ஆசைப்பட்டார். போர்டு 12 அடிக்கு 3 அடி என்றால் டிசைனும் அதே 4:1 விகிதத்தில் இருக்கட்டும். கடையை எதிர்ப்புறம் நின்று எடுங்கள். வைட் லென்ஸ் வேண்டாம், கோடுகள் வளையும்.

போட்டோஷாப்பில் டிசைனை Smart Object ஆக்கி, Edit > Transform > Distort கொடுத்து, நான்கு மூலைகளையும் பழைய போர்டின் மூலைகளில் பொருத்துங்கள். போர்டின் மேல், கீழ் விளிம்புகள் ஷட்டரின் மேல்பகுதிக் கிடைக்கோடுகள் சாயும் பக்கமே சாய வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டவைத்த மாதிரி தெரியும்.

அப்புறம் வெளிச்சம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். படத்தில் நிழலிலுள்ள சுவரின் வெள்ளை சாம்பலாக இருக்கும். போர்டின் வெள்ளையையும் Curves வைத்து அந்த அளவுக்கு இறக்குங்கள். மேலே சன்ஷேட் இருந்தால், அதன் நிழலை Multiply லேயரில் மெல்லிய கிரேடியன்டாகப் போடுங்கள். கன்னட எழுத்துக்கு 60 சதவீத இடம் விட்டே டிசைன் செய்யுங்கள், அது இங்கே சட்டம்.