நீனாவை இரண்டு நிமிடத்துக்குள் அடக்குவது

பிரிட்டனின் நாடகப் பள்ளிகள் பலவும் ஆடிஷனுக்குச் சுமார் 2 நிமிடத் தனிவசனம் கேட்கின்றன. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு லேடி மக்பெத்தைவிட, செக்கோவின் 'கடற்பறவை' நாடகத்து நீனா இயல்பாகப் பொருந்துவாள்.

நான்காம் அங்கத்தில், தன்னை நேசிக்கும் இளம் எழுத்தாளன் திரெப்லெவிடம் அவள் பேசுவது நீளமானது. முதலில் அவன் வரிகளை எடுத்துவிடுங்கள். அவன் குறுக்கிடும் இடத்தில் மட்டும் நின்று அவன் முகத்தைப் பாருங்கள். அப்புறம் பழைய நினைவுகளைக் குறையுங்கள். தன்னைக் கடற்பறவை என்று சொல்லி, உடனே மறுத்து, நடிகை என்று திருத்திக்கொள்கிறாளே, அதைத் தொடவே தொடாதீர்கள். உடைந்தவள் நிமிர்வது அங்கேதான்.

வெட்டியதை நின்று, சத்தமாக நடித்து நேரம் பாருங்கள். 1 நிமிடம் 45 விநாடிக்குள் வந்தால் சரி. தேர்வறையில் மௌனங்கள் தானாக நீண்டுவிடும்.